பத்து மூட்டைக்கு ஒன்று

எங்கள் கிடங்கில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கும், அதோடு சரி. நான் எடைமேடைக்குப் பக்கத்தில் உட்காருகிறவன், அதனால் எடைக்காரன். மூட்டைகளைக் குத்தி மாதிரிக் கொட்டை எடுக்கிறவர் குத்தூசி. அவருடைய மனைவி, இந்தக் கதைக்குச் சொந்தக்காரி, முடிச்சக்கா. மேனேஜருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறோம். அதை இங்கே எழுத முடியாது.

முடிச்சக்காவைப் பார்த்தால் அப்படியொன்றும் பெரிய ஆளாகத் தெரியாது. குட்டையான உருவம். வலது கை ஆள்காட்டி விரலில் எப்போதும் ஒரு துணிப்பட்டை சுற்றியிருக்கும். பத்தொன்பது வயதில் கொட்டை பொறுக்க வந்தாள். கறுத்தது, உடைந்தது, பூச்சி ஓட்டை போட்டது என்று ஆறு வருடம் பொறுக்கினாள். பொறுக்குகிற வேலைக்கு மெஷின் வந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவள் போகவில்லை. "மெஷின் மூட்டை வாய் தைக்குமா?" என்று கேட்டு, கோணி ஊசியை எடுத்துக்கொண்டு சாக்குப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, எழுந்திருக்கச் சொல்லவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. அப்படித்தான் அவள் தன் வேலையைத் தானே வாங்கிக்கொண்டாள்.

காப்பியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை நிற்காது. தோட்டத்திலிருந்து எங்களிடம் வரும்போது கொட்டைமேல் காய்ந்த ஓடு ஒன்று இருக்கும். கண்ட சாக்கிலும் கொண்டுவருவார்கள். உரம் வந்த சாக்கில் போட்டுக்கொண்டு வந்தால் முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே லாரியில் திருப்பி ஏற்றுவோம். ஓட்டோடு இருக்கும்வரை கொட்டைக்குப் பயமில்லை. இரண்டு மாதம் சும்மா அடுக்கி வைத்தாலும் சமர்த்தாக இருக்கும். ஓட்டை உடைத்து, அளவு பிரித்து, பச்சைக் கொட்டையாக வெளியே எடுத்துவிட்டோமா, அன்றிலிருந்து அதற்கு வயதாக ஆரம்பிக்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் குடிக்கும். வெயிலடித்தால் தன் ஈரத்தை விட்டுவிடும். பக்கத்தில் டீசல் வாசனை வந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளும். கடல் கடந்து வறுக்கிறவரிடம் போய்ச் சேரும்போது பச்சை நிறம் வெளுத்து, குடித்தால் சாக்கை நனைத்துப் பிழிந்த மாதிரி இருக்கும்.

அதைத் தடுக்கத்தான் உள்பை வந்தது. மேலே சணல் சாக்கு, உள்ளே காற்றுப் புகாத கெட்டியான பிளாஸ்டிக் பை. பார்க்கிறவர் கண்ணுக்குச் சாக்கு மட்டும்தான் தெரியும். காப்பியைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் பைதான். அந்தப் பையின் உயிர் அதன் கழுத்தில் இருக்கிறது. கட்டுவதற்குச் சொல்லிக் கொடுக்க ஒருவர் சட்டையில் பேனா சொருகிக்கொண்டு வந்தார். கழுத்தைத் திருகி ஒரு பட்டை போட்டுக் காட்டினார். அக்கா பார்த்தாள். அவர் கட்டிய மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, காதை வைத்து, ஓர் அமுக்கு அமுக்கினாள். உஸ்ஸ் என்று காற்று வந்தது.

"சார், உங்க மூட்டை மூச்சு விடுது," என்றாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் பையை அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். கழுத்தைக் கயிறு மாதிரி முறுக்கேறும்வரை திருக வேண்டும். திருகியதை மடித்துக் கீழே வளைத்து, மடிப்பின்மேல் ஒரு பட்டை, அதற்குக் கீழே இன்னொரு பட்டை. கடைசியில் கட்டிப்பிடித்துக் காது வைக்க வேண்டும். சத்தம் வந்தால் அவிழ்த்து மறுபடி. அவளுக்குக் கீழே நான்கு பெண்கள். நால்வரையும் இப்படியே பழக்கினாள். விரலில் துணிப்பட்டை ஏறியது அப்போதுதான்.

"என்னை ஒரு நாளாவது இப்படிக் கட்டிப்பிடிச்சிருக்கியா?" என்று குத்தூசி எல்லோர் முன்னாலும் கேட்பார்.

"நீங்க எப்பவும் உஸ்ஸு உஸ்ஸுன்னுதான இருக்கீங்க. காது வைக்காமலே கேக்குது," என்பாள்.

குத்தூசியும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு முழ நீளத்துக்குக் கூரான இரும்புக் குழாய், ஒரு பக்கம் திறந்திருக்கும். அதைச் சாக்கில் சொருகிச் சாய்த்தால் உள்ளிருந்து கொட்டை சறுக்கிக்கொண்டு தட்டில் விழும். பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை வீதம் குத்தி, எல்லாவற்றையும் கலந்தால் அதுதான் அந்தச் சரக்கின் மாதிரி. அவருடைய பெருமை குத்துவதில் இல்லை, குத்திய பிறகு இருக்கிறது. ஊசி முனையால் சணல் இழைகளை இப்படி ஒரு சீவு, அப்படி ஒரு சீவு. ஓட்டை இருந்த இடம் தெரியாது. "எங்க குத்தினேன், காட்டு பாப்போம்," என்று என்னிடம் பந்தயம் கட்டுவார். இருபத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை.

இந்த இரண்டு பெருமையும் ஒரே வீட்டில் சேர்ந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. மோதிக்கொள்ள ஒரு கடிதம் வர வேண்டியிருந்தது.

கடிதம் வறுக்கிறவரிடமிருந்து வந்தது. மேனேஜர் எங்கள் எல்லோரையும் கிடங்குக்குள் வரச் சொல்லி, மடிக்கணினியை ஒரு மூட்டை அடுக்கின்மேல் வைத்துக்கொண்டு படித்தார். நாங்கள் அனுப்பிய ஒரு கன்டெய்னர், முன்னூற்றிருபது மூட்டை. வழியில் கப்பல் மாற்றும் துறைமுகத்தில் ஏழு வாரம் வெயிலில் கிடந்திருக்கிறது. போய்ச் சேர நான்கு மாதம் ஆகிவிட்டது. அதைப் பற்றி அவர்கள் குறை சொல்லவில்லை. அதற்காகத்தானே உள்பைக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். பெரும்பாலான மூட்டைகள் நேற்றுக் கட்டியது போல இருந்ததாம். ஆனால் வறுக்கும்போது நடுநடுவே சில மூட்டைகள் முரண்டு பிடித்திருக்கின்றன. ஈரமானி வைத்து ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்திருக்கிறார்கள். பதினொரு சதவீதத்தில் போன ஈரம், அந்த மூட்டைகளில் மட்டும் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஓரம் வெளுத்த கொட்டை. கோப்பையில் சாக்கு ருசி. பழைய வருடத்துச் சரக்கைக் கலந்தீர்களா, இல்லை ஒழுங்காகக் கட்டவில்லையா என்று கேட்டிருந்தார்கள்.

"கன்டெய்னர்ல தண்ணி சொட்டியிருக்கும் சார்," என்றேன் நான். பகல் சூட்டில் எழும் ஈரம் ராத்திரிக் குளிரில் கூரைத் தகட்டில் படிந்து மழை மாதிரி சொட்டுவது உண்டு.

"அதையும் கேட்டாச்சு. சுவத்துல நாம ஒட்டின பழுப்புக் காகிதத்துல ஒரு கறை இல்ல. மேல தொங்கவிட்ட ஈரம் உறிஞ்சுற பையெல்லாம் சரியா இருக்கு. தண்ணி சொட்டினா மேல் வரிசை மூட்டைதான கெடணும்? இது மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணுன்னு கெட்டிருக்கு." மேனேஜர் மடிக்கணினியை மூடினார். "பழைய சரக்கு நம்மகிட்ட இல்லவே இல்ல. அப்போ கட்டினதுதான் சரியில்ல. கவனமில்லாம கட்டியிருக்கீங்க."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எத்தனை மூட்டை சார்?"

"எத்தனையா இருந்தா என்ன? அடுத்த சீசன்லேர்ந்து மூட்டையே வேண்டாம்னு முடிவு பண்ணலாம்னு இருக்கேன். கன்டெய்னர் முழுசுக்கும் ஒரே பெரிய பை. குழாய் வச்சு ஊதி ரொப்பிடலாம். முடிச்சும் வேண்டாம், முடிச்சுப் போடுற ஆளும் வேண்டாம். அதுவரைக்கும், எங்க கவனக்குறைவுன்னு ஒரு தாள் எழுதி வச்சிருக்கேன். அஞ்சு பேரும் கையெழுத்துப் போடுங்க."

அந்தத் தாள் என்ன என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதில் கையெழுத்து விழுந்தால், பெரிய பைக்கு மாற அதுவே காரணமாகிவிடும். ஐந்து பேரும் அடுத்த சீசனில் வீட்டில் இருப்பார்கள். நான்கு பெண்களும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"எத்தனை மூட்டைன்னு கேட்டேன் சார்," என்றாள் அக்கா மறுபடி.

மேனேஜர் மடிக்கணினியைத் திறக்க வேண்டியிருந்தது. "முப்பத்திரண்டு."

அப்போது நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் ஏதோ ஓடியது, நின்றது. திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"கையெழுத்துப் போட மாட்டோம்," என்றாள். "கெட்ட மூட்டையில ஒண்ண அவங்க நம்ம கண்ணு முன்னாடி பிரிக்கட்டும். அதான் போன்ல மூஞ்சி பாத்துப் பேசுறாங்கல்ல, அதுல காட்டட்டும். என் முடிச்சு அவிழ்ந்திருந்தா, நான் தனியா கையெழுத்துப் போடறேன். இவங்க நாலு பேரும் எதுக்கு?"

"நீங்க சொன்னா அவங்க பிரிப்பாங்களா?"

"சரக்கு அவங்களது, கொறை அவங்களது. பிரிக்க மாட்டேன்னா சொல்லுவாங்க? கேட்டுப் பாருங்க. கேக்க பயமா இருந்தா நான் கேக்கறேன்."

கேட்க பயமா என்று நாற்பது பேர் முன்னால் கேட்ட பிறகு எந்த மேனேஜர் கேட்காமல் இருப்பார்? வியாழக்கிழமை பதினொரு மணி என்று முடிவானது.

மதியச் சாப்பாட்டு வேளையில் எடைமேடைக்குப் பின்னால் அவர்கள் இரண்டு பேரும் பேசியது எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் இடம் அது, நான் எங்கே போவேன்?

"முன்னூத்திருபதுல பத்துக்கு ஒண்ணு எத்தனைங்க?" என்றாள் அக்கா.

டிபன் பாக்ஸ் மூடி கீழே விழும் சத்தம் கேட்டது.

"அந்தச் சரக்கு கெளம்புறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை எங்க போனீங்க? சாப்பாடு ஆறிப் போச்சு, மூணு மணிக்கு வந்தீங்க. தலை பூரா சணல் தூசி. எங்க போயிட்டு வர்றீங்கன்னு கேட்டேன். சும்மா கிடங்கு வரைக்கும்னு சொன்னீங்க."

குத்தூசி மெதுவாகப் பேசினார். "மேனேஜருதான் போன் பண்ணாரு. கட்டி முடிச்ச சரக்குலேர்ந்து இன்னொரு மாதிரி வேணும்னு வாங்குறவங்க கேக்கறாங்க, ரெண்டு மணிக்கு கூரியர்காரன் வந்துடுவான்னு. கதவத் தொறந்தா உள்ள நான் ஒருத்தன்தான். நீங்க யாரும் இல்ல."

"கட்டின மூட்டை. உள்ள பை இருக்கு."

"இருக்குன்னு தெரியும்."

"தெரிஞ்சும்?"

"உள்பை இல்லாத சாக்கக் குத்தியே பழகின கைடி. முப்பத்திரண்டு மூட்டைய அவுத்து எடுத்தா யாரு திருப்பிக் கட்டுறது? எனக்கா கட்டத் தெரியும்? சின்ன ஓட்டைதானேன்னு நெனச்சேன். சாக்கச் சீவி விட்டேன். தெரியவே இல்ல."

"சாக்கு சேர்ந்துக்கும்ங்க. பிளாஸ்டிக் சேராது."

நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். இருபத்தெட்டு வருடமாக அவருடன் பந்தயம் கட்டித் தோற்றவன் நான். ஓட்டை தெரியவில்லை என்று கைதட்டியவன்.

"நீ பேசாம கையெழுத்துப் போட்டுடு," என்றார் குத்தூசி. "மிஞ்சிப் போனா ஒரு எச்சரிக்கை. பெரிய பை விஷயமெல்லாம் அவரு சும்மா மெரட்டுறாரு. வியாழக்கிழமை அந்தப் பைய வெளிச்சத்துல காட்டினா என் கதி என்ன? கட்டுறதுக்கு முன்னாடி எடுத்ததுன்னு, மாதிரி எடுத்தா எழுதிக் குடுக்குற பாரத்துல நானே கோடு போட்டிருக்கேன். பாரம் அப்படித்தான் அச்சடிச்சிருக்கு, எப்பவும் போடுற மாதிரி போட்டுட்டேன். பொய்யி வேற."

"எனக்கு என்ன ஆகும்னு நான் கேக்கல. அந்த நாலு பேரு என்ன பண்ணாங்க?"

"அப்போ என்னைக் காட்டிக் குடுக்கப் போற."

"நான் என் முடிச்சக் காட்டப் போறேன்," என்றாள் அக்கா. "முடிச்சு முழுசா இருந்தா, காப்பி எப்படிக் கெட்டுச்சுன்னு அவங்க கேப்பாங்க. அதுக்கு நீங்கதான் பதில் வச்சிருக்கீங்க. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா நான் பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன். கட்டினவன் கெடுத்தான்னு எழுதின தாள்ல, கட்டின கை எப்படிங்க போடும்?"

அதற்குப் பிறகு மூன்று நாள் குத்தூசி அவளிடம் பேசவில்லை. காலையில் ஒரே பைக்கில் வருவார்கள். நடுவில் ஒரு மூட்டை வைக்கும் அளவு இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பாள். அவர் கேன்டீனில் சாப்பிட்டார். அவள் கொண்டுவந்த இரண்டாவது டிபன் பாக்ஸை என் மேஜையில் வைத்துவிட்டு, "எடைக்காரா, நீயே சாப்பிடு. ரோஷம் வயிறு ரொப்புதாம் அவருக்கு," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் சிரிக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அதைவிட என் மேலேயே வந்தது. எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே பிழைப்பை ஓட்டியவன்.

புதன்கிழமை ஒரு வேலை செய்தேன், பெரிய வீரமெல்லாம் இல்லை. கிடங்குக் கதவில் இருக்கும் வருகைப் புத்தகத்தை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். காவல்காரர் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: பன்னிரண்டு மணி, குத்தூசி, ஒரு ஆள், மேனேஜர் சொல்லி. அந்தப் பக்கத்தில் ஒரு தாளைச் செருகி வைத்துவிட்டு, அக்காவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

வியாழக்கிழமை மேனேஜர் அறையில் பன்னிரண்டு பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். சுவரில் பெரிய திரை. அதில் எங்கோ ஒரு கிடங்கு. உயரமான கூரை, குளிருக்குத் தடித்த சட்டை போட்ட ஒரு பெண், அவளுக்குப் பின்னால் எங்கள் சாக்குகள். சாக்கில் எங்கள் அச்சு. நான் எடை போட்ட மூட்டைகள். அவ்வளவு தூரம் போய், இவ்வளவு சிறியதாக, திரையில். எனக்கு என்னவோ போல இருந்தது.

அலுவலகத்துப் பெண் மொழி பெயர்த்தாள். தடித்த சட்டைக்காரி அங்கே கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவளாம், அவளும் எங்களைப் போல மூட்டை தூக்கிச் சாப்பிடுகிறவள். கெட்டது என்று சிவப்புச் சாக்பீஸால் கோடு போட்ட ஒரு மூட்டையை முன்னால் இழுத்துப் போட்டாள். மேல் தையலைப் பிரித்தாள். உள்பையின் கழுத்து வெளியே வந்தது.

"கிட்டக் காட்டச் சொல்லுங்க," என்றாள் அக்கா.

கழுத்து கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, மடிந்து, இரண்டு பட்டையோடு இருந்தது. நான்கு மாதம் கடலில் ஆடியும் ஒரு சுற்றுக்கூட இளகவில்லை. தடித்த சட்டைக்காரி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை. கத்தி எடுத்தாள்.

"இது என் முடிச்சு," என்றாள் அக்கா. "ரெண்டாவது பட்டையை இடது பக்கம் திருப்பி விடறது நான் மட்டும்தான்."

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்போ சரக்குலதான் ஏதோ..."

"பையைக் காலி பண்ணிட்டு, வாயை மூடிப் பிடிச்சு, லைட்டுக்கு நேரா தூக்கச் சொல்லுங்க."

கொட்டைகள் ஒரு தொட்டியில் கொட்டின. திரையிலேயே தெரிந்தது. நடுவில் நல்ல பச்சை, ஒரு பக்கமாக வெளுத்த கொத்து. தடித்த சட்டைக்காரி பையில் காற்றைப் பிடித்து, வாயை முறுக்கி, விளக்குக்கு நேராகத் தூக்கினாள். பையின் இடுப்பளவில் பிறை மாதிரி ஒரு வெளிச்சம். விரல் நகம் அளவு. அவள் சாக்கை எடுத்து அதே இடத்தைத் தேடினாள். சாக்கில் ஒன்றும் இல்லை. இழை எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்திருந்தது. அவள் தோளைக் குலுக்கி ஏதோ கேட்டாள்.

"உள்ளே ஓட்டை, வெளியே இல்லை, இது எப்படின்னு கேக்கறாங்க," என்றாள் அலுவலகத்துப் பெண்.

"எலியா?" என்றார் மேனேஜர்.

"எலி சாக்கைத் தாண்டிக் கடிச்சிட்டு, சாக்கைத் தைச்சிட்டும் போகுமா சார்?" என்றாள் அக்கா.

யாரோ சிரித்தார்கள். அக்கா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கதவோரம், குத்தூசி. ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு அது ஒரு சீசன் மாதிரி நீண்டது.

குத்தூசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இடுப்பிலிருந்து ஊசியை உருவி மேஜைமேல் வைத்தார்.

"இதோட முனையையும் அந்த ஓட்டையையும் வச்சுப் பாருங்க. சரியா இருக்கும்," என்றார். "நான் குத்தினது. கட்டின பிறகு. முப்பத்திரண்டு மூட்டை. பாரத்துல கோடு போட்டதும் நான்தான், அது பொய். அவங்க கட்டினதுல ஒரு தப்பும் இல்ல."

மேனேஜர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஒரு தாள் போனால் என்ன, இன்னொரு தாள். பேனாவை எடுத்தார். "சரி. அப்போ உங்க பேர்ல எழுதிடறேன். வேலையைவிட்டு..."

"எழுதுங்க சார்," என்றாள் அக்கா. குரல் இப்போதுதான் ஏறியது. "அவரு குத்தினாரு, தப்பு, எழுதுங்க. கூடவே ஞாயித்துக்கிழமை யாரு போன் பண்ணாங்கன்னும் எழுதுங்க. அவிழ்க்கவும் கட்டவும் ஆளே இல்லாத நாள்ல, ரெண்டு மணிக்குள்ள மாதிரி வேணும்னு சொன்னது யாருன்னு எழுதுங்க. உள்பை வந்து ஏழு வருஷம் ஆச்சு. சாக்குக் காலத்துப் பாரத்தை மாத்தாம வச்சிருக்கறது யாருன்னு எழுதுங்க. வருகைப் புத்தகம் அங்க இருக்கு, எடைக்காரன்கிட்ட. அவரைத் தனியா எழுதினா, நாளைக்கு நாங்க அஞ்சு பேரும் ஒரு முடிச்சுப் போட மாட்டோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புத்தகம் என் அக்குளில் இருந்தது. எடுத்து, தாள் செருகிய பக்கத்தைத் திறந்து, ஊசிக்குப் பக்கத்தில் வைத்தேன். வாழ்க்கையில் அது ஒன்றுதான் நான் செய்த வீரம், அதையும் அக்காதான் செய்ய வைத்தாள்.

திரையில் தடித்த சட்டைக்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொழி புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏதோ சொன்னாள்.

"அவங்க கிடங்குலயும் இதே மாதிரி ஊசி இருக்காம்," என்றாள் அலுவலகத்துப் பெண். "அவங்களும் வந்த சரக்கைக் குத்தித்தான் பார்ப்பாங்களாம். இனிமே அவிழ்த்து எடுக்கச் சொல்றேங்கறாங்க. அந்த முடிச்சை எப்படிப் போடறதுன்னு காட்ட முடியுமான்னு கேக்கறாங்க."

அக்கா அங்கேயே, மேனேஜர் மேஜையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, திருகி, மடித்து, கட்டிக் காட்டினாள். வேகமாக இல்லை. மூன்று தடவை. விரலில் இருந்த துணிப்பட்டையைக்கூடக் காட்டினாள், எதற்கு என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே.

தாளில் இரண்டு பேருடைய தவறும் ஏறியது. குத்தூசியை ஒரு மாதம் சம்பளமில்லாமல் சஸ்பெண்ட் செய்தார்கள். மேனேஜருக்கு என்ன கொடுத்தார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. பழைய பாரம் மட்டும் மறு வாரமே மாறியது: கட்டிய மூட்டையிலிருந்து மாதிரி எடுத்தால், கட்டுகிற பெண் ஒருத்தியின் கையெழுத்தும் வேண்டும். பெரிய பை பற்றிய பேச்சு அடுத்த சீசனுக்கும் வரவில்லை. ஒருநாள் வரலாம். வந்தால் அக்கா அதன் வாயையும் கட்டப் போய் உட்காருவாள், எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஒரு மாதமும் அவர்கள் வீட்டில் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. குத்தூசி திரும்பி வந்த முதல் நாள் ஒரு சரக்குக்கு மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. கட்டிய மூட்டை. அவர் இடுப்பிலிருந்து ஊசியை எடுக்கவில்லை. மேல் தையலைப் பிரித்தார், பட்டைகளை அறுத்தார், கழுத்தை விரித்து ஒரு கரண்டியால் கொட்டையை எடுத்தார். பிறகு காற்றை அமுக்கி, திருகி, மடித்து, புதுப் பட்டை போட்டுக் கட்டினார். நெற்றியில் வியர்வை சொட்டியது. நான்கு பெண்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தியும் உதவவில்லை.

அக்கா வந்தாள். பாரத்தையும் பேனாவையும் என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் காதை வைத்தாள். ஓர் அமுக்கு அமுக்கினாள். உஸ்ஸ் என்றது எனக்கே கேட்டது.

"மூச்சு விடுது," என்றாள். "மறுபடி."

அவர் அவிழ்த்து மறுபடி கட்டினார். அவள் மறுபடி காது வைத்தாள்.

"மறுபடி."

மூன்றாவது தடவை வெகுநேரம் காதை வைத்திருந்தாள். நிமிர்ந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கி, பாரத்தில் கையெழுத்துப் போட்டாள்.